கதிர் வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும்: வேளாண்மை அலுவலரை ஊருக்கு அழைத்த அனுபவம்

எனக்கு வீடு மணலியில். வேலை பார்ப்பது மணலி புதுநகரைத் தாண்டி மீஞ்சூர் போகும் வழியில் உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். அங்கே எழுத்தர். வடசென்னை என்றால் துறைமுகமும் ஆலைப் புகைபோக்கிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கண்டெய்னர் லாரிகள் போகும் அதே சாலையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் இறங்கினால் நெல் வயல்தான். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் சம்பா நெல், கிணறு இருக்கிற மேட்டில் கீரை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். அறுவடை நாளையும் மார்க்கெட் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளத்து வயல்கள் போய்விட்டன. தப்பித்த மேட்டு வயல்களையாவது ஒழுங்காக அறுத்து நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தவிப்பு. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். நானும் எழுதினேன். "எங்கள் சங்க உறுப்பினர்களுக்கு நெல் சாகுபடி தொழில்நுட்பங்கள் குறித்துத் தங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில் பயிற்சி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இவ்வளவுதான் கடிதம். மரியாதையாக எழுதிவிட்டதாக நினைத்தேன்.

அவர்களுக்கு வசதிப்பட்ட நாள் அறுவடையின் நடுவில் வந்தது. முதல்நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அறுவடை மெஷின் ஊருக்குள் இறங்கியது. மெஷின் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வேறு எதுவும் நடக்காது. அது ஆத்தூர் பக்கத்திலிருந்து வருகிற வண்டி. இன்றைக்கு விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பி வருமா என்பது தெரியாது. மறுநாள் காலை பத்தரைக்கு அலுவலர் மேடம் வந்தபோது சங்கக் கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் உரம் வாங்க வந்தவர்கள். மேடம் நாற்பது பேருக்குக் கையேடு கொண்டு வந்திருந்தார். கடிதத்தில் நான் கேட்டபடியே விதை நேர்த்தியில் தொடங்கி நாற்றங்கால், நடவு என்று சொல்லிக்கொண்டு போனார். அறுத்த நெல்லைச் சாலையில் கொட்டிவிட்டு வந்திருந்த ஒரு பெரியவர் பாதியில் எழுந்து கேட்டார்: "அதெல்லாம் அடுத்த போகத்துக்கும்மா. என் நெல்லு ஈரமா இருக்குதுன்னு கொள்முதல் சென்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கு என்னா பண்றது?"

மேடத்திடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் பதினைந்து நாளுக்கு முன் தேவைப்பட்டது. வயலில் கடைசி வரை தண்ணீர் நின்றிருந்தது, பச்சை மணி கலந்து அறுத்திருந்தார்கள், அறுத்த அன்றே மூட்டை கட்டியிருந்தார்கள். இந்த மூன்றையும் நெல் சாலைக்கு வந்த பிறகு திருத்த முடியாது. அலுவலர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் கேட்ட பாடத்தை, நான் விட்டுக்கொடுத்த தேதியில் அவர் நடத்தினார்.

அடுத்த சம்பாவுக்கு முன் நானும் சங்கத்தில் ஒரு மூத்த உறுப்பினரும் உட்கார்ந்து பேசினோம். அவர் நாற்பது வருடமாக நெல் வைப்பவர். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "தேதியை காலண்டர்ல பாக்காதே பாப்பா, வயல்ல பாரு" என்றார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. வயலில் பாதிக் கதிர் வெளியே வந்துவிட்டால் அதுதான் கதிர் வாங்கிய நாள். அதிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் அறுவடை. பாபட்லா மாதிரி நீண்டகால ரகமானாலும் கோ 51 மாதிரி குறுகியகால ரகமானாலும் விதைத்ததிலிருந்து கதிர் வாங்கும் வரைக்கும்தான் நாள் கூடும், குறையும். கதிர் வாங்கிய பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மார்கழிக் குளிரும் மூட்டமும் இருந்தால் இன்னும் நாலைந்து நாள் இழுக்கும்.

அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு வயலில் தண்ணீரை வடிக்க வேண்டும். அப்படியானால் கதிர் வாங்கி 20 நாளுக்குள் அந்தச் சேதி விவசாயியின் காதில் விழுந்திருக்க வேண்டும். அலுவலருக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கடிதம் போனால்தான் அவர் மாதப் பயணத் திட்டத்தில் நம் ஊரைச் சேர்க்க முடியும். ஆக, முதல் வயல் கதிர் வாங்கிய உடனே கடிதம் எழுத வேண்டும். அறுவடை நெருங்கிய பிறகு எழுதினால் எந்தத் தேதி கிடைத்தாலும் தாமதம்தான். முந்தின வருடம் நான் எழுதியது அப்படித்தான்.

ஒரு நீள நோட்டு எடுத்துக்கொண்டோம். உரம் வாங்க, கடன் கட்ட யார் வந்தாலும் இரண்டே கேள்வி. உங்கள் வயல் கதிர் வாங்கிவிட்டதா, எந்த நாள்? நெல் தவிர மார்க்கெட்டுக்கு என்ன போடுகிறீர்கள், எந்த நேரத்துக்கு? ஐம்பது பேருக்கு மேல் எழுதினேன். முதல் வயல் 2024 டிசம்பர் 16 அன்று கதிர் வாங்கியது. கடைசி வயல்கள் மாதக் கடைசி வரை போகும் என்று தெரிந்தது. முதல் வயலுக்கு ஜனவரி 15 வாக்கில் அறுவடை, அதற்கு ஜனவரி 5, 6 தேதிக்குள் தண்ணீர் வடிக்க வேண்டும். ஆகவே பயிற்சி ஜனவரி முதல் வாரத்தில் நடந்தாக வேண்டும்.

இதில் ஒரு நல்லது இருந்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்த பிறகு வாரத்துக்கு இரண்டு கல்யாணம் வந்துவிடும், எந்தக் கூட்டத்துக்கும் ஆள் சேராது.

ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் தேதி கண்டுபிடிப்பது நினைத்ததை விடக் கஷ்டமாக இருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்றைக்குத் துறை அலுவலர்களைக் கேட்கவே கூடாது. செவ்வாய் எங்கள் ஊர் வாரச்சந்தை. காலையிலேயே கடை போட்டுவிடுவார்கள், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்புறம் கீரைக்காரர்கள். கீரையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தினமும் ஒரே மாதிரி போகிற சரக்கு என்று தோன்றும். அப்படி இல்லை. அமாவாசைக்கு முதல்நாள் அகத்திக்கீரைக்கு நல்ல கிராக்கி, பசுவுக்குக் கொடுக்க வாங்குவார்கள். அந்த மாதம் அமாவாசை டிசம்பர் 30. அதனால் 29ஆம் தேதி முழுக்க அவர்கள் வயலில். அதை விடப் பெரிய நாள் வைகுண்ட ஏகாதசி. அது ஜனவரி 10. மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை இல்லாமல் முடியாது என்பதால் 9, 10 இரண்டு நாளும் கீரைக்காரர்கள் ராத்திரி பகல் பார்க்கமாட்டார்கள். நோட்டில் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் ஜனவரி 9 எனக்கு நல்ல நாளாகத்தான் தெரிந்திருக்கும்.

நேரமும் அப்படித்தான். அலுவலர்கள் வழக்கமாகக் காலை பத்தரைக்கு வருவார்கள். எங்கள் கீரைக்காரர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் கீரை அறுக்க இறங்குவார்கள். இருட்டிய பிறகு கட்டுக் கட்டி, நடுராத்திரிக்கு மேல் டாடா ஏஸில் ஏற்றி கோயம்பேட்டுக்கோ வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கமோ அனுப்புவார்கள். கூடவே போகிறவர்கள் காலை எட்டு, ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார்கள். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் பத்தரை என்பது அவர்களுக்கு நடுராத்திரி மாதிரி. பதினொன்றரைக்கு மேல் எழுப்பலாம். மூன்று மணிக்கு விட்டுவிட வேண்டும். ஆக, பதினொன்றரையிலிருந்து ஒன்றரை, பிறகு சாப்பாடு. இதைத் தவிர வேறு நேரமே அவர்களுக்குக் கிடையாது.

டிசம்பர் 18 அன்று வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுதிய கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"எங்கள் உறுப்பினர்களின் சம்பா நெல் (பெரும்பாலும் பாபட்லா) இந்த வாரம் கதிர் வாங்கத் தொடங்கியுள்ளது. ஜனவரி 15க்கு மேல் அறுவடை தொடங்கும். எனவே தண்ணீர் வடிக்கும் நாள், அறுவடைப் பக்குவம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்ற ஈரப்பதத்துக்குக் காயவைப்பது ஆகிய மூன்று பொருள்கள் பற்றி மட்டும் பயிற்சி வேண்டுகிறோம். ஜனவரி 2 வியாழன், 3 வெள்ளி ஆகிய நாள்களில் காலை 11.30 முதல் 1.30 வரை உறுப்பினர்களால் வர முடியும். இவை இயலாவிட்டால் 8 புதன். ஆனால் அது முதலில் அறுக்கும் வயல்களுக்குத் தாமதமாகும். சுமார் 35 பேர் வருவார்கள். ஈரப்பதமானி கொண்டு வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்."

மூன்று தேதி கொடுத்ததும், மூன்றாவது ஏன் மட்டம் என்று காரணம் எழுதியதும் வேலை செய்தது. இரண்டு நாள் கழித்து அலுவலர் மேடமே போன் செய்தார். "மூணாம் தேதி போட்டுக்கிறேன். எட்டாம் தேதிதான் எனக்கு வசதி. ஆனா நீங்க எழுதினதைப் பார்த்தா பிரயோஜனம் இல்லைன்னு தெரியுது" என்றார். அறுவடை தொடங்கிவிட்டால் தனக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை வேலை வந்துவிடும், அப்போது ஒரு நாள்கூட ஒதுக்க முடியாது என்றும் சொன்னார். விவசாயிக்கு ஓய்வில்லாத அதே நாள்களில் அலுவலருக்கும் ஓய்வில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. அட்மா திட்டத்தில் பயிற்சிக்கு நிதி இருக்கிறதா என்று பார்ப்பதாகவும் சொன்னார். கிடைத்தால் டீயும் சாப்பாடும் அதில் வரும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, படம் எல்லாம் கட்டாயம்.

கடிதம் போட்ட கையோடு கீரை பற்றியும் ஒரு பாடம் கேட்கலாமா என்று சிலர் கேட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலரும் அலைவதால் சொல்கிறேன். கீரை, காய்கறி, பூ எல்லாம் தோட்டக்கலைத் துறையில் வரும். வேளாண்மை அலுவலரிடம் கேட்டால் அவர் தெரிந்ததைச் சொல்லுவார், ஆனால் திட்டமும் மானியமும் அங்கிருந்து வராது. தோட்டக்கலை உதவி இயக்குநருக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். எந்த உதவி அலுவலர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்பதை உழவன் செயலியில் பார்க்கலாம். நான் நேரில் போவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று இருந்தபோது பொங்கல் பரிசுத் தொகுப்பு டோக்கன் அறிவிப்பு வந்தது. டோக்கன் கொடுக்கிற நாளும் ஜனவரி 3. ரேஷன் கடையை நடத்துவது எங்கள் சங்கம்தான். ஊழியர்கள் தெருத் தெருவாகப் போய் வீட்டில் டோக்கன் கொடுக்க வேண்டும், ஜனங்கள் வீட்டை விட்டு நகரமாட்டார்கள். சங்கக் கூடத்திலும் அரிசி, சர்க்கரை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தேதியை மாற்றினால் மறுபடி எட்டாம் தேதிதான். ரேஷன் விற்பனையாளரிடம் பேசினேன். நெல்காரர்கள் அதிகம் இருக்கும் இரண்டு தெருவுக்கு மறுநாள் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அந்தத் தெருக்களில் முந்தின நாள் சாயந்திரமே வீடு வீடாகச் சொல்லிவிட்டோம். கூடத்தை விட்டுவிட்டு, முதல் வயலுக்கு அடுத்து இருக்கிற நெற்களத்துக்குப் பயிற்சியை மாற்றினோம். இந்த மாற்றம் நாங்கள் விரும்பிச் செய்ததில்லை. ஆனால் களத்தில் நடந்ததால்தான் பயிற்சி அவ்வளவு நன்றாக இருந்தது.

மேடத்துக்கு வழியும் சொல்ல வேண்டியிருந்தது. மணலி புதுநகர்ப் பக்கம் வந்தால் கண்டெய்னர் லாரி வரிசையில் ஒரு மணி நேரம் போகும். பொன்னேரி, மீஞ்சூர் வழியாக வரச் சொன்னேன். பதினொன்று இருபதுக்கு வந்துவிட்டார். முப்பத்துநாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒன்பது பேர் பெண்கள்.

மேடம் பேச்சைத் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் வயலுக்குள் இறக்கினார். ஆளுக்கு ஒரு கதிர் ஒடித்து, உருவி, உள்ளங்கையில் நூறு மணி எண்ணச் சொன்னார். அதில் எத்தனை வைக்கோல் நிறம், எத்தனை பச்சை? அந்த வயலில் ஐம்பத்தைந்து, அறுபது என்று வந்தது. நூற்றுக்கு எண்பது வந்தால்தான் அறுக்கலாம் என்றார். கதிர் நுனி முதலில் பழுக்கும், அடிமணி கடைசியில் பழுக்கும். நுனியை மட்டும் பார்த்து வயல் பழுத்துவிட்டது என்று மெஷினைக் கூப்பிடுவதுதான் பச்சை மணி கலப்பதற்குக் காரணம். அந்தப் பச்சை மணிதான் ஈரத்தைக் கூட்டுகிறது. அதேபோல எண்பதைத் தாண்டி ரொம்ப நாள் விட்டால் மணி உதிரும், ஆலையில் நொய்யும் கூடும். செங்குன்றம் அரிசி ஆலைக்குக் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். விலை குறைத்தது எதற்கென்று அவர்களுக்கு அப்போது புரிந்தது.

தண்ணீர் வடிப்பதைப் பற்றிச் சொன்னதும் சச்சரவு வந்தது. கடைசி வரை ஈரம் இருந்தால்தான் மணி கனக்கும் என்பது எங்கள் ஊரில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. மேடம் அதை மறுக்காமல், கதிர் பால் பிடித்து மாவு கட்டும் வரை அது சரிதான், அதற்குப் பிறகு நிலத்தில் இருக்கிற ஈரமே போதும் என்றார். தண்ணீர் நின்றால் மணி காயாமல் இருப்பதோடு, டயர் மெஷின் புதையும். அப்புறம் பெல்ட் மெஷின்தான் வர முடியும், அதற்கு ஒரு மணி நேரத்துக்கான வாடகை அதிகம். இந்த வாடகை விஷயம் சொன்னதும் பேச்சு முடிந்தது.

அடுத்தது ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை எடுப்பார்கள். மெஷினில் அறுத்த நெல் 20, 22 என்று இருக்கும். முந்தின வருடம் நெல்லைத் திருப்பிக் கொண்டுவந்த பெரியவர் கேட்டார்: "காய வச்சா எடை போயிடுதே. வியாபாரி ஈரத்தோட வாங்கிக்கிறான். எதுக்கு நான் காய வைக்கணும்?" நியாயமான கேள்வி. மேடம் களத்துத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் என்றால் அதில் 220 கிலோ தண்ணீர், மிச்சம் 780 கிலோதான் நெல்லின் சொந்த எடை. அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 780ஐ 0.83ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 940 கிலோ. அதாவது டன்னுக்கு 60 கிலோ குறைகிறது. "உங்க வியாபாரி ஈரத்துக்குன்னு எவ்வளவு கழிக்கிறார்னு நீங்களே பாருங்க. அறுபது கிலோவோட விலையை விட அதிகமா கழிச்சா காயவைங்க. கம்மியா கழிச்சா அவர்கிட்டயே போடுங்க" என்றார். அரசு நிலையத்துக்குத்தான் போட வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தாததால்தான் பெரியவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். அன்று சாயந்திரமே சங்கத்துக்கு வந்து என்னிடம் கால்குலேட்டர் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார்.

காயவைக்கும் முறைக்குத் தனியாக நேரம் எடுத்துக்கொண்டார். கெட்டியாகக் குவித்துப் போட்டால் மேல்நெல் வெந்து, அடிநெல் ஈரமாகவே இருக்கும். இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். உச்சி வெயிலில் தார்ச்சாலையில் வேகமாகக் காய்ந்த நெல் அரைக்கும்போது உடையும். மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் மாறும் என்பதால் வீட்டில் 17 காட்டினால் நிம்மதியாக மூட்டை கட்டிவிடக் கூடாது, 16 வரை கொண்டு போக வேண்டும் என்றார். அப்போது டன்னுக்கு இன்னும் 11 கிலோ குறையும். வண்டி வைத்து நிலையத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி ஏற்றி வருகிற செலவைப் பார்த்தால் அது பரவாயில்லை. மீட்டரை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். சிலர் கைப்பையில் பழைய நெல் கொண்டு வந்து அளந்தார்கள். ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. கீரைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குள் கிளம்பிவிட்டார்கள்.

பயிற்சி முடிந்ததோடு என் வேலை முடியவில்லை. முதல் வயலுக்கு அது சரியான நாள். ஆனால் டிசம்பர் 30 அன்று கதிர் வாங்கிய வயலுக்குத் தண்ணீர் வடிக்க ஜனவரி 20 ஆகும். அதுவரை யாரும் நினைவு வைத்திருக்கமாட்டார்கள், நடுவில் பொங்கல் வேறு. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தண்ணீர் வடிக்கும் தேதியை எழுதி, அந்தந்த நாள் காலை போன் செய்தேன். ஒரு நாளைக்கு நாலைந்து அழைப்புதான். மெஷின் புரோக்கரிடமும் பேசினேன். ஓட்டுநர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவார்கள், காணும் பொங்கல் முடிந்து 17ஆம் தேதிதான் வண்டி எடுப்போம் என்றார். அதனால் முதல் வயல்கள் இரண்டு நாள் தாமதமானதில் யாரும் பதறவில்லை. எந்தத் தெரு எந்தத் தேதியில் பழுக்கும் என்று நோட்டைப் பார்த்து நான் சொன்னதும், அவர் அந்த வரிசையிலேயே வண்டி அனுப்பினார். ராத்திரி பதினொரு மணிக்குச் சொல்லாமல் வந்து இறங்கும் வழக்கம் அந்தப் போகத்தில் இல்லை.

மூன்று நாலு வயல் 30 நாளில் பழுக்கவில்லை, 34 நாள் ஆனது. பனி அதிகம். நூறு மணி எண்ணத் தெரிந்திருந்ததால் பொறுத்திருந்து அறுத்தார்கள். அந்தப் பெரியவரின் நெல் கொள்முதல் நிலையத்தில் 16.4 காட்டியது. 40 கிலோ சிப்பமாக அன்றே எடை போட்டுவிட்டு, நேராகச் சங்கத்துக்கு வந்து ரசீதைக் காட்டினார்.

தீராமல் நிற்பது ஆற்றை ஒட்டிய கடைமடை வயல்கள். அந்த ஏழு வயலுக்குத் தண்ணீர் வடிக்க வாய்க்காலே இல்லை. மேல் வயல்காரர் வடிக்கும் தண்ணீர் அவர்கள் வயலில்தான் வந்து நிற்கும். நாள் சரியாகக் குறித்தும், பாடம் நன்றாகக் கேட்டும் அவர்கள் பெல்ட் மெஷின்தான் வைத்தார்கள், நெல்லும் ஈரமாகத்தான் வந்தது. மேடம் வந்தபோது அந்த வரப்பு வரை நடந்து பார்த்துவிட்டு, வடிகால் வேளாண்மைத் துறை கையில் இல்லை, நீர்வளத் துறை சார்ந்தது, மனு எழுதுங்கள் என்றார். எழுதியிருக்கிறோம். இப்போதைக்கு, மேல் வயலும் கீழ் வயலும் ஒரே வாரத்தில் கதிர் வாங்குகிற மாதிரி ஒன்றாக நாற்று விடலாமா என்று இரண்டு பக்கத்திலும் உள்ள பதினான்கு குடும்பமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி விட்டால் ஒரே நாளில் எல்லோரும் வடித்து, ஒரு எஞ்சின் வைத்துத் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்துவிடலாம் என்பது நைனாவின் யோசனை. ஒரே ரகம் போட ரெண்டு பேர் இன்னும் சம்மதிக்கவில்லை.